ஒழுகும் ஜிஐ பைப்பை எபாக்சி புட்டியும் டேப்பும் வைத்துத் தற்காலிகமாக அடைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏனுங்க, சம்ப்புல இருந்து மாடி தொட்டிக்கு ஏறற ஒரு இஞ்ச் ஜிஐ பைப்புல, கீழ எல்போவுக்கு ஒட்டி மேல ஊசி மாதிரி தண்ணி பீச்சுதுங்க. பிளம்பர் வர ரெண்டு மூணு நாள் ஆகுமாம். புட்டி வெச்சா போதுமா, டேப் சுத்தணுமா?

ரெண்டும் வேணும், ஆனால் ரெண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. புட்டி இரும்பைப் பிடித்துக்கொண்டு ஓட்டையை அடைக்கும். சிலிக்கான் டேப் இரும்பில் ஒட்டவே ஒட்டாது, தன் மேலேயே தான் ஒட்டிக்கொண்டு, இழுத்துச் சுற்றிய வேகத்தில் உள்ளே இருப்பதை இறுக்கிப் பிடிக்கும். அதனால் முதலில் புட்டி, அது கெட்டியான பிறகு மேலே டேப். எல்போ பக்கத்தில் பைப் ஒரு பருமன், எல்போவின் கழுத்து இன்னொரு பருமன், நடுவில் ஒரு படி இருக்கும். அந்தப் படியின் மேல் டேப்பை மட்டும் சுற்றினால் அடியில் சந்து விழும், தண்ணீர் அந்தச் சந்து வழியாக டேப்போட ஓரத்துக்கு வந்து சொட்டும். புட்டியால் படியைச் சரிவாக்கிவிட்டால் டேப் ஒழுங்காக உட்காரும்.

அழுத்தம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுவிடலாம், இந்த வேலையில் பாதி அதுதான். 10 மீட்டர் உயரத் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் கொடுக்கும். உங்கள் தொட்டி வாய் ஓட்டையிலிருந்து 9 மீட்டர் மேலே என்றால் 0.9 கிலோ, மோட்டார் ஓடும்போது பைப் உராய்வுக்குக் கொஞ்சம் சேர்த்து ஒரு கிலோ, ஒண்ணேகால் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக வைத்த புட்டி இதைத் தாங்கும். ஆனால் மேலே கேட் வால்வை மூடிவிட்டு மோட்டாரைப் போட்டால் கதை வேறு. மோட்டாரின் பெயர்ப்பலகையில் அதிகபட்ச உயரம் 30 மீட்டர் என்று போட்டிருந்தால், வால்வு மூடியிருக்கும்போது ஏறக்குறைய 3 கிலோ மொத்தமும் பைப் மேல்தான். ஒட்டுப்போட்ட லைனில் வால்வு முழுசாகத் திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

ஓட்டை எப்பவும் மரை கிட்டயே விழுதே, பைப் நடுவுல விழறதில்லையே, ஏன்?

பைப் அங்கேதான் மெலிசு. நீல வளையம் போட்ட மீடியம் ஜிஐ, ஒரு இஞ்ச்சில், சுவர் 3.2 மில்லிமீட்டர். அதில் மரை வெட்டும்போது ஒன்றரை மில்லிமீட்டர் வரை போய்விடும். மிச்சம் பாதிதான், அதிலும் மேலே இருந்த துத்தநாகப் பூச்சு வெட்டுப்பட்டு வெறும் இரும்பு தெரியும். மஞ்சள் வளையம் போட்ட லைட் பைப் வாங்கியிருந்தால் இன்னும் மோசம். பக்கத்தில் பித்தளை வால்வு இருந்தால் அதை ஒட்டிய ஜிஐ முதலில் அரிக்கும், அது உலோகங்களுக்குள் உள்ள விவகாரம். நம்ம பக்கத்துப் போர் தண்ணீரின் உப்பு வேறு உள்ளே பாளம் பாளமாகப் படிந்து அதற்கு அடியில் துரு தின்னும்.

இதைச் சொல்வதற்குக் காரணம், புட்டி வைப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்ய வேண்டும். ஸ்க்ரூடிரைவர் முனையால் ஓட்டையைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு அழுத்திச் சுரண்டிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் தொடரலாம். முனை உள்ளே இறங்கினால், அல்லது செதில் செதிலாக உதிர்ந்தால், அங்கே ஒட்டுவதற்கு இரும்பே இல்லை, மோட்டாரை நிறுத்தி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். சுரண்டும்போது ஓட்டை பெரிசாகிவிடுமே என்று பயப்பட வேண்டாம், இப்போது பெரிசாகிற ஓட்டை நாளைக்கு ராத்திரி தானாகவே பெரிசாகும்.

மோட்டாரை நிறுத்தினாலும் சொட்டிக்கிட்டே இருக்குதுங்க. காயவே மாட்டேங்குது. என்ன பண்றது?

முதலில் மெயின் சுவிட்சை இறக்குங்கள். ஸ்டார்ட்டரை மட்டும் நிறுத்தினால் போதாது, நிறைய வீட்டில் தொட்டி மட்டம் குறைந்தால் தானாக ஓடுகிற ஏற்பாடு இருக்கிறது, நீங்கள் கையை வைத்திருக்கும்போது ஓட ஆரம்பித்துவிடும்.

சொட்டுவதற்குக் காரணம் பைப்பில் நிற்கிற தண்ணீர். மோட்டாருக்கு மேலே ரிட்டர்ன் வால்வு இருந்தால் ஏறின தண்ணீர் இறங்காமல் பைப்பிலேயே நிற்கும், ஓட்டை வழியாகத்தான் மெதுவாக வடியும். வடிந்து முடிந்தாலும் தண்ணீர் சரியாக ஓட்டை மட்டத்தில் நிற்குமே தவிர அதற்குக் கீழே போகாது, அதனால்தான் ஓரம் ஈரமாகவே இருக்கிறது. மோட்டார் பக்கம் உள்ள யூனியனைக் கொஞ்சம் தளர்த்தி விட்டால் மட்டம் கீழே இறங்கிவிடும். ரிட்டர்ன் வால்வு அந்த யூனியனுக்குக் கீழே இருந்தால் நல்லது, மேலே இருந்தால் அதற்கும் மேலே உள்ள ஒரு இணைப்பைப் பாருங்கள்.

மணிக்கணக்கில் வடிந்தும் நிற்கவில்லை என்றால் மாடிக்குப் போய், பைப்போட வாய் தொட்டித் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறதா என்று பாருங்கள். மூழ்கியிருந்தால் தொட்டித் தண்ணீரே சைஃபன் போட்டுத் திரும்பி வரும், தொட்டி மட்டம் பைப் வாய்க்குக் கீழே வரும் வரைக்கும் நிற்காது. வாயைத் தூக்கி வையுங்கள் அல்லது தொட்டியில் கொஞ்சம் தண்ணீரைச் செலவு பண்ணுங்கள்.

ஈரத்திலும் பிடிக்கும் என்று எழுதிய புட்டியும் கடையில் கிடைக்கிறது. நிறுத்தவே முடியாத இடத்துக்கு அது சரி. ஆனால் அதுவும் ஓடுகிற தண்ணீரில் பிடிக்காது, நசநசத்த இரும்பில்தான் பிடிக்கும், காய்ந்த இரும்பில் சாதா புட்டி பிடிக்கிற பிடி அதற்கு வராது.

துருவைத் தேய்க்கணும்ங்கறாங்க. எவ்வளவு தேய்க்கணும்?

வெள்ளி மாதிரி இரும்பு பளிச்சென்று தெரியும் வரைக்கும். பெயின்ட், துரு, உப்புப் படிவு எதுவும் இருக்கக்கூடாது, ஏனென்றால் புட்டி எதன் மேல் ஒட்டுகிறதோ அது பைப்பிலிருந்து கழன்றால் புட்டியும் கூடவே கழன்றுவிடும். ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூன்று சென்டிமீட்டர், எல்போவின் கழுத்து உட்பட. கம்பி பிரஷ் முதலில், அப்புறம் அரம் அல்லது முரட்டு உப்புத்தாள். நைஸான தாள் வேண்டாம், கீறல் இருந்தால்தான் பிடிக்கும். மரை இடுக்கில் அரம் போகாது, பழைய ஹேக்ஸா பிளேடின் முனை போகும். கடைசியாகத் தின்னரில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்துக் காய விடுங்கள், அதற்குப் பிறகு அந்த இடத்தை விரலால் தொடாதீர்கள்.

இதற்கு அரை மணி நேரம் ஆகும். புட்டி வைக்க அஞ்சு நிமிஷம். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

புட்டியை எப்படிக் கலக்கறது? ரெண்டு கட்டி இருக்கு.

ரெண்டிலும் சம அளவு எடுங்கள். உருளையாக, உள்ளே ஒரு நிறம் வெளியே ஒரு நிறமாக வருகிற வகை என்றால் குறுக்கே வெட்டினாலே அளவு சரியாக இருக்கும். கெட்டிப்படுத்தும் பகுதியைக் கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்று நினைப்பது தப்பு, அளவு மாறினால் கடைசி வரைக்கும் பிசுபிசுப்பாகவோ உடைகிற மாதிரியோதான் நிற்கும்.

கையுறை போட்டுக்கொண்டு சப்பாத்தி மாவு மாதிரி பிசையுங்கள், ரெண்டு மூணு நிமிஷம், ஒரே நிறம் வரும் வரைக்கும். வரி வரியாகத் தெரிந்தால் அந்த வரி இறுகாது, தண்ணீர் முதலில் அந்த வழியாகத்தான் வரும். கையுறை ஏன் என்றால் இறுகாத எபாக்சி அடிக்கடி பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு எப்போது தொட்டாலும் அரிக்கும்.

தேவையானதை மட்டும் கலக்குங்கள். எபாக்சி இறுகும்போது சூடாகும், பெரிய உருண்டையாகக் கையில் வைத்திருந்தால் அந்தச் சூட்டிலேயே இன்னும் வேகமாக இறுகிவிடும். சித்திரை வெயிலில் பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்தை நம்பாதீர்கள். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இறுகும் நேரம் தோராயமாகப் பாதியாகும். மார்கழிக் காலையில் அதுவே இரட்டிப்பாகும்.

வைக்கும்போது முதலில் பட்டாணி அளவு எடுத்து ஓட்டைக்குள் கட்டை விரலால் அழுத்தித் திணியுங்கள், கொஞ்சம் உள்பக்கம் போய்த் தலை விரியட்டும். அதற்கு மேல் மிச்சத்தை வளையமாக, பைப்பைச் சுற்றி முழு வட்டமும், நடுவில் அஞ்சு ஆறு மில்லிமீட்டர் கனம், ஓரம் மெலிந்து இரும்போடு கலந்துவிடுகிற மாதிரி. ஓட்டை இருக்கிற பக்கம் மட்டும் அப்பி விடாதீர்கள், வளையம் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும், அப்பின துண்டு பிடிக்காது. விரலைத் தண்ணீரில் நனைத்து மேலே நீவலாம், ஆனால் வைத்து அழுத்தின பிறகுதான், அடியில் தண்ணீர் போகக்கூடாது.

கடையில நாலு விதமா டேப் காட்டறாங்க. எது?

பைப்புக்கு, பசை இல்லாத, இழுத்தால் நீள்கிற, தன் மேலேயே ஒட்டுகிற சிலிக்கான் டேப். கருப்பு இன்சுலேஷன் டேப் இதற்கு ஆகாது, ஈரத்தில் அதன் பசை வழுக்கிவிடும். வெள்ளை டெஃப்லான் மரைக்கு உள்ளே சுற்றுவதற்கு, ஓட்டைக்கு வெளியே பத்துச் சுற்றுச் சுற்றி ஒழுகிக்கொண்டிருக்கிற பைப்பை ஊர் முழுக்கப் பார்க்கலாம். அலுமினியத் தாள் ஒட்டின பிட்டுமென் அல்லது பியூட்டைல் டேப் நல்ல சரக்குதான், ஆனால் அது கூரைத் தகரம், தொட்டிப் பக்கம் மாதிரி அகலமான, அழுத்தம் இல்லாத காய்ந்த இடத்துக்கு.

புட்டி இறுகினதும் அதற்கு ரெண்டு இஞ்ச் முன்னாலிருந்து சுற்ற ஆரம்பியுங்கள். டேப் குறைந்தது இரு மடங்கு நீளும்படி இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி, மூன்று நான்கு அடுக்கு. கடைசிச் சுற்றை மட்டும் இழுக்காமல் சும்மா வைத்து அழுத்துங்கள், இழுத்து முடித்தால் நுனி பின்வாங்கும். சுற்றுகிற இடத்தில் மண்ணும் ஈரமும் இருந்தால் டேப் தன்னோடு ஒட்டாது.

சரி, நேரான பைப்பில் ஓட்டை என்றால் நான் டேப்பை விட வேறொன்றைத்தான் சொல்வேன். பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை மேலே வைத்து ரெண்டு ஹோஸ் கிளிப் போட்டு முறுக்குங்கள். அது ஓடுகிற தண்ணீரிலும் நிற்கும், அடியில் இறுகிய புட்டி இருந்தால் இன்னும் நன்றாக நிற்கும். உங்கள் விஷயத்தில் எல்போ ஒட்டி இருப்பதால் கிளிப் உட்கார இடமில்லை.

மோட்டார் எப்பப் போடலாம்?

நகத்தால் அழுத்தினால் தடம் விழவில்லை என்பது புட்டி கெட்டியாகிவிட்டதற்கு அடையாளம், முழு பலம் வந்ததற்கு அல்ல. சாதா புட்டிக்கு ஒரு ராத்திரி விடுங்கள், முடிந்தால் முழு நாள். அதுவரைக்கும் குடத்தில் பிடித்துச் சமாளியுங்கள்.

பிறகு மேலே வால்வு திறந்திருக்கிறதா பார்த்துவிட்டு, தளர்த்தின யூனியனை இறுக்கிவிட்டு மோட்டாரைப் போடுங்கள். ஒட்டின இடத்தைச் சுற்றிக் காய்ந்த செய்தித்தாள் துண்டு ஒன்றைக் கட்டி வையுங்கள், கண்ணுக்குத் தெரியாத கசிவைக்கூட அது காட்டிக்கொடுத்துவிடும். ஓடும்போது மட்டும் பார்த்தால் போதாது, நிறுத்தும்போது பாருங்கள். கரன்ட் போய் மோட்டார் சட்டென்று நின்றால் ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் திரும்பி வந்து ரிட்டர்ன் வால்வை அறையும், டொக்கென்று சத்தம் கேட்கும், அந்த நொடியில் பைப்பில் ஏறும் அழுத்தம் ஓடும்போது இருப்பதை விட அதிகம். ஒட்டு விடுவது பெரும்பாலும் அப்போதுதான்.

போன தடவை வெச்சது பத்து நாள்ல தட்டு மாதிரி முழுசா கழண்டு வந்துருச்சு. புட்டி போலியா?

கழன்ற துண்டின் உள்பக்கத்தைப் பாருங்கள், அது சொல்லிவிடும். உள்பக்கம் முழுக்கச் செம்பழுப்புத் துருத்தூள் ஒட்டியிருந்தால் தேய்க்காமல் வைத்திருக்கிறார்கள். வழவழப்பாகச் சுத்தமாக இருந்தால் ஈரத்திலோ எண்ணெய்ப் பசையிலோ வைத்தது, ஒட்டவே இல்லை. துண்டு கழலாமல் குறுக்கே வெடித்திருந்தால் கலவை சரியில்லை, அல்லது பைப் ஆடுகிறது. சுவரில் கிளாம்ப் இல்லாமல் தொங்குகிற பைப்பில் எந்த ஒட்டும் நிற்காது, எபாக்சி வளையாது.

இன்னொன்று. 3 மில்லிமீட்டர் ஓட்டை வழியாக ஒரு கிலோ அழுத்தத்தில் தண்ணீர் தள்ளுகிற பலம் 70 கிராம்தான், அதைத் தாங்குவது ஒன்றுமில்லை. ஆனால் ஒட்டாத புட்டிக்கு அடியில் தண்ணீர் புகுந்து நாலு சென்டிமீட்டர் வட்டத்துக்குப் பரவிவிட்டால் அதே அழுத்தம் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் பலத்தோடு துண்டை நெம்பும். பரப்பு கூடக் கூடப் பலம் கூடும். முதல் நாள் நின்றது பத்தாம் நாள் மொத்தமாகக் கழல்வது இதனால்தான்.

தோட்டத்து இரும்புத் தொட்டி அடி மூலையில கசியுது. வெளிய இருந்து வெக்கலாமா?

தொட்டியில் அழுத்தம் குறைவு, ஒரு மீட்டர் ஆழத்துக்கு 0.1 கிலோதான். அதனால் வெளியே வைத்தாலும் கொஞ்ச நாள் நிற்கும். ஆனால் உள்ளே வைப்பதுதான் சரி. வெளியே வைத்த ஒட்டைத் தண்ணீர் பெயர்க்கப் பார்க்கும், உள்ளே வைத்ததை அதே தண்ணீர் சுவரோடு அழுத்திப் பிடிக்கும்.

தகரத்தொட்டி உள்ளிருந்துதான் அரிக்கும். வெளியே மிளகு அளவு ஓட்டை தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு மெலிந்திருக்கலாம். சுத்தியல் காம்பால் தட்டிப் பாருங்கள், நல்ல தகரம் கணீரென்கும், மெலிந்த இடம் சொத்தென்று கேட்கும். சொத்தென்ற பரப்பு முழுவதையும் மூட வேண்டும். கெட்டியான தகரம் வரும் வரைக்கும் தேய்த்து, புட்டியைப் பரப்பி, அதன் மேல் ஒரு தகரத்துண்டை அழுத்திப் பதித்து, ஓரத்தைப் புட்டியால் மூடுங்கள். சுற்றியுள்ள தகரம் பலமாக இருந்து ஓட்டை மட்டும் தனியாக இருந்தால், ரெண்டு பக்கமும் ரப்பர் வாஷர் வைத்து ஒரு போல்ட்டை முடுக்குவது புட்டியை விட நல்லது.

மூடின தொட்டிக்குள் தின்னர் வைத்து வேலை பார்க்கும்போது மூடியைத் திறந்து வைத்து, வெளியே ஒருத்தர் நிற்கட்டும், தின்னர் ஆவி மயக்கிவிடும். குடிதண்ணீர்த் தொட்டி என்றால் குடிநீருக்கு ஏற்றது என்று பாக்கெட்டில் போட்ட புட்டி மட்டும் வாங்குங்கள், முழுசாக இறுகின பிறகு முதல் தண்ணீரைக் கீழே விட்டுவிடுங்கள்.

டிராக்டர் டீசல் டேங்க்குக்கும் இதேதானா?

புட்டி சரி, இறுகிய எபாக்சியை டீசல் ஒன்றும் செய்யாது. சிலிக்கான் டேப் வேண்டாம், எண்ணெய் பட்டால் ஊதிவிடும். டீசலை ஓட்டைக்குக் கீழ் மட்டம் வரை இறக்கி, கையால் மட்டும் தேய்த்து, நன்றாகத் துடைத்து வையுங்கள். கிரைண்டர் மெஷின் கூடாது. வயலில் நின்றுவிட்டால் வீடு வரும் வரைக்கும் துணி துவைக்கிற சோப்புக் கட்டியை ஓட்டையில் தேய்த்து அடைத்து ஓட்டலாம், டீசலில் அது கரையாது. காலி டேங்க்தானே என்று வெல்டிங் வைக்கக் கொண்டுபோவது மட்டும் ஆபத்து, உள்ளே நிற்கிற ஆவிதான் வெடிக்கும்.

போர் கம்ப்ரசர் டேங்க்ல லேசா காத்து சீறுது. அதுக்கும் வெக்கலாமுங்களா?

கூடாது. தண்ணீர்ப் பைப் விட்டால் நனைவீர்கள், காற்று டேங்க் விட்டால் தகரம் பறக்கும். அமுக்கின காற்றில் அடைந்திருக்கிற சக்தி அப்படி. ஓட்டை விழுகிற அளவுக்குத் துரு தின்றிருக்கிறது என்றால் டேங்க் முழுக்க மெலிந்திருக்கும், ஒரு இடத்தை அடைத்தால் அடுத்த இடம் சீறலோடு நிற்காமல் கிழியும். காற்றை இறக்கிவிட்டு டேங்க்கை மாற்றுங்கள். அடியில் உள்ள வடிகாலைத் தினம் திறந்து தண்ணீரை விடாததால்தான் இது வருகிறது.

சாயப்பட்டறை ஸ்டீம் லைன், சமையல் கேஸ் லைன் இவற்றுக்கும் இதே பதில்தான். வாட்டர் ஹீட்டர் லைனில் சாதா புட்டி சூட்டில் இளகும், அங்கேயும் வேண்டாம்.

நல்லா நின்னுட்டா அப்படியே விட்டுறலாமா?

ஒழுங்காக வைத்தால் மாதக்கணக்கில்கூட நிற்கும், அதுதான் சிக்கல். வெளியே நின்றாலும் உள்ளே துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும், ஒட்டின ஓரத்தைத் தாண்டி இன்னொரு ஓட்டை வரும். டேப் மேல் மார்க்கரால் தேதி எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை ஓரத்தில் வெள்ளை உப்போ பழுப்புக் கறையோ படிகிறதா என்று பாருங்கள், படிந்தால் கசிகிறது என்று அர்த்தம், தண்ணீர் காய்ந்து உப்பு மட்டும் நிற்கிறது.

பிளம்பர் வரும்போது ஒட்டை மட்டும் காட்டாமல், எல்போவையும் அதற்கு மேல் உள்ள பைப் துண்டையும் சேர்த்து வெட்டி எடுத்து, புதுத் துண்டுக்கு மரை போட்டு நடுவில் ஒரு யூனியன் வைத்து மாட்டச் சொல்லுங்கள். வெட்டின துண்டின் உள்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். உப்பு அடைத்துப் பாதித் துவாரம்தான் மிச்சம் என்றால் மேலே போகிற லைன் முழுக்க அப்படித்தான் இருக்கும், அதை அடுத்த கோடைக்கு முன்னால் மாற்றுவதற்குப் பணம் ஒதுக்கி வையுங்கள்.